சேதாரம் போக மிச்சம்: பழைய நகையின் வருவாய்க் கணக்கு

பழைய நகை எவ்வளவு லாபம் தந்தது என்று பார்க்கும்போது பெரும்பாலும் இரண்டு எண்களே எடுத்துக்கொள்ளப்படுகின்றன: வாங்கிய நாளின் பவுன் விலையும் இன்றைய பவுன் விலையும். 2014ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் 22 காரட் ஆபரணத் தங்கம் பவுனுக்குச் சுமார் 20,000 ரூபாய். 2024 நவம்பரில் அது 57,000 ரூபாயை ஒட்டி நின்றது. பத்தாண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆண்டுக்கு 11 சதவீத வளர்ச்சி. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது தங்கத்தின் கணக்கு, நகையின் கணக்கு அல்ல. நகை வாங்கியவர் முதல் விலையில் வாங்கவும் இல்லை, இரண்டாம் விலையில் விற்கப்போவதும் இல்லை. வாங்கும்போது போர்டு விலைக்கு மேலே கொடுத்திருக்கிறார். விற்கும்போது அதற்குக் கீழேதான் பெறுவார். இந்த இரண்டு இடைவெளிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நகையின் வருவாய் தெரியும்.

முதலில் வாங்கிய பில். தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம், வரி ஆகிய மூன்றும் அதில் சேர்கின்றன. செய்கூலி என்பது வேலைக்கான கூலி. சேதாரம் என்பது நகை செய்யும்போது அராவுவதிலும் பற்றவைப்பதிலும் மெருகேற்றுவதிலும் வீணாகும் தங்கத்துக்கான ஈடு என்று சொல்லப்படுகிறது. பட்டறையில் உதிரும் தூளைப் பொற்கொல்லர்கள் விட்டுவிடுவதில்லை. தரையைப் பெருக்கிய குப்பையைக்கூட விலை கொடுத்து வாங்கித் தங்கம் பிரித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தில் செய்யும் சங்கிலிகளில் உண்மையான இழப்பு இன்னும் குறைவு. ஆகவே இன்றைய பில்லில் உள்ள சேதாரத்தை வேலைப்பாட்டுக்கும் கடையின் செலவு, லாபத்துக்குமான விலை என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். சில கடைகள் செய்கூலியையும் சேதாரத்தையும் ஒன்றாக்கி வி.ஏ. என்று ஒரே சதவீதமாகப் போடுகின்றன. ‘செய்கூலி இல்லை’ என்று விளம்பரம் செய்யும் கடையில் சேதார சதவீதத்தைப் பார்க்க வேண்டும். ‘சேதாரம் இல்லை’ என்றால் செய்கூலியைப் பார்க்க வேண்டும். எந்தப் பெயரில் போட்டாலும் வருவாய்க் கணக்குக்கு வேண்டியது மொத்தத் தொகைதான்.

சேதாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அது தங்கத்தின் எடையில் சதவீதமாகக் கணக்கிடப்படுவது. கிராம் 2,500 ரூபாயாக இருந்தபோது 14 சதவீதச் சேதாரம் கிராமுக்கு 350 ரூபாய். கிராம் 7,100 ரூபாயானபோது அதே வேலைப்பாட்டுக்கு அதே 14 சதவீதம் 994 ரூபாய். வேலை மாறவில்லை, தங்கம் ஏறியதால் வேலையின் விலையும் ஏறிவிட்டது.

ஓர் ஆரத்தை எடுத்துக்கொண்டு கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்க்கலாம். விலைகள் அந்தந்தக் காலத்துச் சந்தையை ஒட்டியவை. கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக்கப்பட்டுள்ளன. 2014 நவம்பரில் ஐந்து பவுன், அதாவது 40 கிராம், கல் இல்லாத 22 காரட் ஆரம் வாங்கப்படுகிறது. கிராம் 2,500 ரூபாய் வீதம் தங்கத்தின் விலை 1,00,000 ரூபாய். சேதாரம் 14 சதவீதம், அதாவது 5.6 கிராம், அதற்கு 14,000 ரூபாய். செய்கூலி கிராமுக்கு 100 வீதம் 4,000 ரூபாய். ஆக 1,18,000. ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய காலம் என்பதால் அப்போது தமிழ்நாட்டில் நகைக்கு மதிப்புக் கூட்டு வரி 1 சதவீதம், 1,180 ரூபாய். கையிலிருந்து போனது மொத்தம் 1,19,180 ரூபாய்.

பத்தாண்டு கழித்து, 2024 நவம்பரில், ஆரம் விற்கப்படுகிறது. போர்டு விலை கிராம் 7,100. கடைக்காரர் முதலில் எடை போடுகிறார். பத்தாண்டு கழுத்தில் கிடந்ததில் வளையங்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருக்கும். அழுக்கு நீக்கிப் பார்த்தால் 39.6 கிராம் நிற்கிறது. அடுத்து தரம். ஹால்மார்க் முத்திரை இருந்தாலும் உரைகல்லிலோ காரட் மீட்டரிலோ சோதிப்பார்கள். 916 தரம் சரியாக வந்தாலும் ரொக்கமாகக் கேட்டால் போர்டு விலை கிடைக்காது. உருக்கிச் சுத்தம் செய்யும் செலவு, கடையின் பங்கு என்று சில சதவீதம் குறையும். இங்கே கிராமுக்கு 200 ரூபாய் குறைத்து 6,900 என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 2,73,240 ரூபாய். தனி ஆள் தன் பழைய நகையைக் கடைக்கு விற்கும்போது அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த வரியைக் காட்டித் தொகையைக் குறைக்கும் கடையிடம் விளக்கம் கேட்கலாம்.

இனி கொடுத்ததையும் பெற்றதையும் ஒப்பிட வேண்டும். ரூபாயில் ஒப்பிட்டால் தங்கத்தின் விலையேற்றமும் நகையின் செலவும் ஒன்றாகக் கலந்துவிடும். கிராமில் ஒப்பிட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரியும். 2014இல் கொடுத்த 1,19,180 ரூபாய்க்கு அன்றைய போர்டு விலையில் 47.67 கிராம் தங்கம் சமம். 2024இல் கிடைத்த 2,73,240 ரூபாய் அன்றைய போர்டு விலையில் 38.48 கிராமுக்குச் சமம். 47.67 கிராம் கொடுத்து 38.48 கிராம் திரும்பி வந்திருக்கிறது. நடுவில் மறைந்தது 9.19 கிராம், ஒரு பவுனுக்கும் மேலே. பத்தாண்டுக்கு முன் செய்கூலி, சேதாரம், வரி என்று கொடுத்த 19,180 ரூபாய் இன்று சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு அன்று 7.67 கிராம் தங்கம் வந்திருக்கும். 2024 விலையில் அதன் மதிப்பு 54,000 ரூபாய்க்கு மேல். பழைய செலவைப் பழைய ரூபாயிலேயே வைத்துப் பார்ப்பதால்தான் சேதாரத்தின் பாரம் பலருக்குத் தெரிவதில்லை.

திரும்பி வந்த கிராமைக் கொடுத்த கிராமால் வகுத்தால் 0.807. அதாவது நூற்றுக்கு 81 பங்கு நின்றது, 19 பங்கு போயிற்று. இந்த ஒரு விகிதத்தை நகையின் மிச்ச விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். பில்லும் விற்பனைச் சீட்டும் கையில் இருந்தால் எந்த நகைக்கும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். விற்காமல் வைத்திருப்பவர்களும் கடையில் இன்று என்ன தருவார்கள் என்று கேட்டு இதே கணக்கைப் போடலாம். 1ஐ 0.807ஆல் வகுத்தால் 1.24 வரும். போட்ட பணம் திரும்பி வரவே தங்கத்தின் விலை 24 சதவீதம் ஏறியாக வேண்டும் என்பது இதன் பொருள். இந்த ஆரத்தைப் பொறுத்தவரை போர்டு விலை கிராமுக்கு 3,100 ரூபாயைத் தொட வேண்டும். 2014 இறுதியில் வாங்கியவருக்கு அந்த விலை 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆரம் நட்டத்திலேயே இருந்தது. இடையில் அவசரத்துக்கு விற்றவர்கள் தங்கம் ஏறியும் தங்களுக்கு ஏன் குறைந்தது என்று வியந்திருப்பார்கள்.

ஆண்டு வருவாய் விகிதத்தைக் கண்டுபிடிக்க, பெற்ற தொகையைக் கொடுத்த தொகையால் வகுத்து, எத்தனை ஆண்டோ அத்தனையாம் மூலம் எடுத்து, 1ஐக் கழிக்க வேண்டும். கைபேசியிலோ கணினியிலோ உள்ள எக்செல் போன்ற அட்டவணைச் செயலியில் ஒரு கட்டத்தில் இப்படித் தட்டினால் போதும்:

```
=(273240/119180)^(1/10)-1
```

விடை 0.0865, அதாவது ஆண்டுக்கு 8.65 சதவீதம். தங்கம் 11 சதவீதம் வளர்ந்தது; ஆரம் 8.65 சதவீதம் தந்தது. நடுவில் உள்ள இரண்டேகால் சதவீதத்துக்கும் சற்று அதிகமான வித்தியாசம்தான் செய்கூலி, சேதாரம், வரி, தேய்மானம், விற்பனைக் கழிவு ஆகிய எல்லாவற்றின் ஆண்டு விலை. மொத்த லாபத்தை ஆண்டுகளால் வகுத்துச் சராசரி எடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்த ஆரத்துக்கு அப்படிச் செய்தால் ஏறத்தாழ 13 சதவீதம் வரும். அது தவறான எண். வங்கி வைப்பின் வட்டி கூட்டு வட்டியாகச் சொல்லப்படும்போது அதனுடன் இதை ஒப்பிட முடியாது.

சேதாரமும் செய்கூலியும் வாங்கும்போது ஒரே ஒரு முறை போகும் செலவுகள். அதனால் நகை எத்தனை ஆண்டு கையில் இருக்கிறதோ அத்தனை ஆண்டுகளுக்கு அவை பரவுகின்றன. தங்கம் ஆண்டுதோறும் அதே 11 சதவீதம் ஏறுவதாகவும் மிச்ச விகிதம் அதே 0.807 என்றும் வைத்துக்கொண்டால், இந்த ஆரத்தை ஓராண்டில் விற்பவருக்குப் பத்து சதவீத நட்டம். மூன்றாம் ஆண்டில் விற்றால் ஆண்டுக்கு 3.4 சதவீத வருவாய். சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டியின் அளவுதான். பத்தாண்டில் 8.65. இருபது ஆண்டில் 9.8. பாட்டி காலத்து நகை நல்ல லாபம் தந்தது என்றும் போன வருடம் வாங்கியது கையைக் கடித்தது என்றும் ஒரே வீட்டில் பேசிக்கொள்வதில் முரண் எதுவும் இல்லை. சேதாரம் நீண்ட காலத்தில் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலைப்பாடும் கணக்கை மாற்றும். செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 8 சதவீதமே உள்ள சாதாரண வளையல் என்றால், மற்றவை அப்படியே இருக்க, மிச்ச விகிதம் 0.88, பத்தாண்டு வருவாய் 9.6 சதவீதம். 25 சதவீதம் போடப்படும் நுண்வேலைக் கோயில் நகை என்றால் 0.76, வருவாய் 8 சதவீதம். அழகான நகை குறைவாகத் தருகிறது என்பதற்காக அதை வாங்கியவரை ஏமாந்தவர் என்று சொல்லிவிட முடியாது. பத்தாண்டு அணிந்ததற்கும் ஒரு மதிப்பு உண்டு; அதை எண்ணில் காட்ட முடியாது என்பதால் இந்தக் கணக்கு அதைத் தொடவில்லை. அணியாமல் பெட்டகத்திலேயே வைத்திருந்த நகைக்கு மட்டும் அந்தச் சமாதானமும் பொருந்தாது. அங்கே ஆண்டுதோறும் கட்டிய பெட்டக வாடகையையும் செலவில் சேர்க்க வேண்டும்.

சேதாரமே இல்லாத தங்கம் எப்படி வளர்ந்தது என்பதற்கு அளவுகோலாக அரசின் தங்கப் பத்திரத்தைக் கொள்ளலாம். 2015 நவம்பரில் வந்த முதல் தொகுதி கிராமுக்கு 2,684 ரூபாய். எட்டு ஆண்டு முடிந்து 2023 நவம்பரில் முதிர்ந்தபோது கொடுத்த விலை 6,132 ரூபாய். வட்டியைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 10.9 சதவீதம். போட்ட கிராம் அப்படியே திரும்பி வந்ததால் மிச்ச விகிதம் சரியாக 1.

கல் பதித்த நகையில் இன்னும் எச்சரிக்கை தேவை. பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். 44 கிராம் நகையில் கல் 4 கிராம் என்றால் தங்கம் 40 கிராம்தான். கல்லுக்குத் தனி விலை கொடுத்திருப்பார்கள். விற்கும்போது வைரம் தவிர்த்த பெரும்பாலான கற்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கெம்பு, எனாமல், உள்ளே ஊற்றிய அரக்கு எல்லாம் எடையிலிருந்து கழிந்துவிடும். ஆகவே கல்லுக்குக் கொடுத்ததும் கொடுத்த தொகையில் சேர வேண்டும். அதை விட்டுவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போடுபவர்களுக்கு வருவாய் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

பழைய நகையில் தரமும் சிக்கல் தரும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு ஹால்மார்க் முறையைத் தொடங்கியது 2000ஆம் ஆண்டில். அது கட்டாயமாகத் தொடங்கியது 2021 ஜூன் மாதத்தில். அதற்கு முன் 22 காரட் என்று விற்கப்பட்ட நகைகளில் பற்றவைப்புப் பொடியில் கலந்த உலோகத்தாலும் வேறு காரணங்களாலும் தரம் குறைந்திருப்பது உண்டு. 40 கிராம் நகையைச் சோதித்ததில் தங்கம் 85 சதவீதமே என்று வந்தால், 91.6 சதவீதத் தரத்துக்கு அது 37.1 கிராமுக்குத்தான் சமம். கிட்டத்தட்ட 3 கிராம் காணாமல் போகிறது. தேய்மானம் அரை கிராமைத் தாண்டாத இடத்தில் இது பெரிய இழப்பு. கடை சொல்லும் தரத்தில் சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொண்டு, அந்தச் சீட்டோடு வேறு கடைக்குப் போகலாம்.

விற்காமல் மாற்றிக்கொள்வது லாபம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாற்றும்போது பல கடைகள் கழிவு இல்லாமல் முழு போர்டு விலை தருவது உண்மைதான். அதே ஆரத்துக்கு மாற்று விலை 39.6 கிராமுக்கு 2,81,160 ரூபாய். ரொக்க விலையைவிட ஏறக்குறைய 8,000 ரூபாய் அதிகம். ஆனால் புதிதாக வாங்கும் 40 கிராம் ஆரத்தின் பில்லைப் பார்க்க வேண்டும். தங்கம் 2,84,000, செய்கூலி, சேதாரம் சேர்த்து 18 சதவீதம் போட்டால் 3,35,120, அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 3,45,174 ரூபாய். பழைய நகையின் மதிப்பு வரி போட்ட பிறகுதான் கழிக்கப்படும். கையிலிருந்து கொடுக்க வேண்டியது 64,014 ரூபாய். கூடுதலாகக் கிடைத்த தங்கம் 0.4 கிராம். 8,000 ரூபாயைக் காப்பாற்ற 64,000 ரூபாய் செலவு. புது மாதிரி வேண்டும் என்பதற்காக மாற்றுவது வேறு. லாபத்துக்காக மாற்றுவதில் லாபம் இல்லை. பத்தாண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே வந்த குடும்பத்தில் இருபது ஆண்டில் கரைந்திருக்க வேண்டிய சேதாரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

கடைசியாக வருமான வரி. நகை மூலதனச் சொத்து; விற்றாலும் மாற்றினாலும் அது கைமாற்றமே. 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளில், 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த நகையின் லாபத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் லாபம் சாதாரண வருமானத்தோடு சேரும். இங்கே பழைய பில் நன்மை செய்கிறது: செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையே வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். ஆரத்தில் லாபம் 1,54,060 ரூபாய். வரியும் அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 20,028 ரூபாய். மிச்சம் 2,53,212. வருவாய் 7.8 சதவீதமாகக் குறைகிறது. பில் இல்லாமல் தங்கத்தின் அன்றைய விலையை மட்டும் வாங்கிய விலையாகக் காட்டினால், 19,180 ரூபாய்க்கும் சேர்த்து வரி கட்ட நேரும். வேறு வருமானம் இல்லாத, வரி விலக்கு வரம்புக்குள் இருப்பவருக்கு வரி குறையலாம் அல்லது இல்லாமலும் போகலாம்.

சீதனமாகவோ வாரிசாகவோ வந்த நகைக்கு, கொடுத்தவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் வாங்கியவருக்கே வந்து சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதாக இருந்தால் அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று அதற்கு உதவும். ஆனால் இது வரிக்கான சலுகை மட்டுமே. குடும்பம் உண்மையில் என்ன சம்பாதித்தது என்று அறிய விரும்புபவர் 2001 மதிப்பை விட்டுவிட்டு, வாங்கிய ஆண்டின் விலையோடு அன்றைய செய்கூலி, சேதாரத்தையும் சேர்த்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.